பேர்ச்சில் தருக – ஆனால் எதை?

தரம் பத்து மாணவிகளுக்கான ஒரு பயிற்சி வினாத்தாளில் இப்படி ஒரு வினா வந்திருந்தது:

"மேற்படி காணியின் பரப்பளவைப் பேர்ச்சில் தருக."

வினாவுக்கு மேலே காணி எதுவும் இல்லை. அச்சிடும்போது உரு விடுபட்டிருக்கலாம். அல்லது வேறொரு வினாத்தாளிலிருந்து ஒரு வரியை மட்டும் எடுத்து ஒட்டியிருக்கலாம். எப்படியோ, என்ன அலகில் விடை வேண்டும் என்பது இருந்தது. எதை மாற்ற வேண்டும் என்பது இல்லை.

அந்த வினாவுக்கு வந்த விடைகள் நான்கு வகை. சிலர் 272.25 என்று எழுதினார்கள். சிலர் 160 என்றார்கள். சிலர் வெறுமையாக விட்டார்கள். மிகச் சிலர் மட்டும் "காணியின் அளவு தரப்படவில்லை" என்று எழுதினார்கள். இந்த நான்கு விடைகளையும் வைத்துக்கொண்டு ஒரு பாடம் நடத்தலாம் என்று தோன்றியது. அதுவே இந்தக் கட்டுரை. பெற்றோரும் வாசிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். ஏனெனில் இதே வினா, இதே குறையோடு, கல்கிசையிலும் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் காணி பார்க்கப் போகிற ஒவ்வொரு குடும்பத்திடமும் கேட்கப்படுகிறது.

மூன்று பொருள்கள்

அலகு மாற்றத்துக்கு மூன்று பொருள்கள் வேண்டும். முதலாவது, தொடக்க அளவு. அதாவது ஓர் எண்ணும் அதன் அலகும் சேர்ந்த ஒன்று. இரண்டாவது, போய்ச் சேர வேண்டிய அலகு. மூன்றாவது, இவ்விரண்டு அலகுகளையும் இணைக்கும் தொடர்பு.

272.25 என்பது ஒரு பேர்ச்சில் அடங்கும் சதுர அடிகளின் எண்ணிக்கை. 160 என்பது ஓர் ஏக்கரில் அடங்கும் பேர்ச்சுகளின் எண்ணிக்கை. இரண்டும் சரியான எண்கள்தான். ஆனால் இரண்டும் மூன்றாவது பொருளான தொடர்பு, விடையல்ல. அவற்றை எழுதிய மாணவிகள் பாலத்தைக் காட்டிவிட்டு, ஆற்றைக் கடந்துவிட்டோம் என்கிறார்கள்.

இந்த இரண்டு எண்களும் எங்கிருந்து வந்தன என்று அறிந்தால் அவற்றை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. பேர்ச் என்பது முதலில் ஒரு நீள அலகு. அது ஐந்தரை யார், அதாவது 16.5 அடி. பக்கம் 16.5 அடியுள்ள ஒரு சதுரத்தின் பரப்பளவு 16.5 × 16.5 = 272.25 சதுர அடி. நாம் காணி பேசும்போது பேர்ச் என்பது இந்தச் சதுரத்தைத்தான்.

160 வந்த கதை நில அளவையாளரின் சங்கிலியோடு தொடர்புடையது. 1620ஆம் ஆண்டு அளவில் எட்மண்ட் கண்டர் என்ற ஆங்கிலேயக் கணிதர் 66 அடி நீளமுள்ள, 100 கண்ணிகள் கொண்ட ஒரு சங்கிலியை அறிமுகப்படுத்தினார். 66 அடி என்பது சரியாக நான்கு பேர்ச் நீளம். ஆகவே ஒரு சதுரச் சங்கிலியில் 4 × 4 = 16 சதுரப் பேர்ச். பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். எனவே ஏக்கருக்கு 160 பேர்ச். ஏக்கரை நான்காகப் பிரித்தால் ஒரு றூட். அதில் 40 பேர்ச். 1800இல் இலங்கையில் நில அளவைத் திணைக்களம் தொடங்கியபோது ஆங்கிலேயர் இந்த அளவு முறையைத்தான் கையோடு கொண்டுவந்திருந்தார்கள். அதனால்தான் மீற்றருக்கு மாறிய பிறகும் கொழும்பில் காணி விலை இன்றுவரை பேர்ச்சிலேயே பேசப்படுகிறது.

சேரும் இடம் தெரிந்தால் எவ்வளவு தெரியும்?

வெறுமையாக விட்ட மாணவிகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். போய்ச் சேரும் அலகு மட்டும் தெரிந்தாலும் நம் கை முழுக்க வெறுமையல்ல. பேர்ச் என்பது பரப்பளவின் அலகு. ஆகவே விடுபட்டது எதுவாக இருந்தாலும் அது ஒரு பரப்பளவாக இருக்க வேண்டும், அல்லது பரப்பளவைக் கணிக்கப் போதுமான நீளங்களாக இருக்க வேண்டும். ஒரே ஒரு நீளம் போதாது. எடையோ கனவளவோ உதவாது. இதை உணர்ந்தவள் தேடவேண்டியது என்ன என்பதை அறிந்துகொள்கிறாள்.

அது மட்டுமல்ல. தொடக்க அளவு எந்த அலகில் வரக்கூடும் என்று முன்கூட்டியே எழுதி வைக்கலாம். பரப்பளவை ப என்று கொள்வோம்.

சதுர அடியில் இருந்தால்: ப ÷ 272.25
சதுர மீற்றரில் இருந்தால்: ப ÷ 25.29
ஏக்கரில் இருந்தால்: ப × 160
ஹெக்டேயரில் இருந்தால்: ப × 395.4

"அளவு தரப்படவில்லை" என்று எழுதியவர்களின் விடை சரியானது. அதனோடு இவற்றுள் ஒரு வரியைச் சேர்த்து, "பரப்பளவு ப சதுர அடி எனின், ப ÷ 272.25 பேர்ச்" என்று எழுதியிருந்தால் விடை முழுமை பெற்றிருக்கும். என்ன இல்லை என்பதையும், அது கிடைத்தால் என்ன செய்வேன் என்பதையும் அந்த இரு வரிகள் சொல்லிவிடுகின்றன.

இருந்தும் கண்ணில் படாத அளவு

தொடக்க அளவு இல்லை என்று முடிவு செய்யுமுன் அது மறைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வினாவின் முதற்பகுதியில் கண்ட விடையே இரண்டாம் பகுதியின் தொடக்க அளவாக இருப்பதுண்டு. உருவில் எழுதியிருப்பதும் உண்டு. காணி உறுதிகளிலும் வரைபடங்களிலும் அது ஒரு தனி வடிவில் ஒளிந்திருக்கும்.

பழைய நில அளவை வரைபடம் ஒன்றை எடுத்துப் பாருங்கள். விஸ்தீரணம் என்ற இடத்தில் மூன்று எண்கள் இருக்கும்: ஏக்கர், றூட், பேர்ச். உதாரணமாக 0 – 1 – 5.5 என்று எழுதியிருந்தால், ஏக்கர் இல்லை, ஒரு றூட், ஐந்தரைப் பேர்ச் என்று பொருள். றூட் ஒன்றுக்கு 40 பேர்ச். எனவே மொத்தம் 45.5 பேர்ச். சதுர மீற்றரில் இது 45.5 × 25.29, ஏறத்தாழ 1,151.

இங்கே தவறு நேர்வது எளிது. மூன்று எண்களையும் ஒரே எண்ணாக நினைத்து 15.5 பேர்ச் என்று வாசிப்பவர்களும் உண்டு; றூட்டைக் கவனிக்காமல் 5.5 என்று வாசிப்பவர்களும் உண்டு. மூன்று எண்களும் மூன்று வெவ்வேறு அலகுகள். ரூபாவையும் சதத்தையும் அப்படியே கூட்ட முடியாதது போலத்தான் இதுவும்.

புதிய வரைபடங்களில் 0.0228 ஹெக்டேயர் என்பது போல ஓர் எண் இருக்கும். அது மிகச் சிறியதாகத் தோன்றினாலும் 0.0228 × 395.4 = 9.0 பேர்ச். இன்னொரு வழியால் சரிபார்க்கலாம். ஹெக்டேயர் ஒன்றுக்கு 10,000 சதுர மீற்றர். ஆகவே 228 சதுர மீற்றர். 228 ÷ 25.29 = 9.0. இரு வழிகளும் ஒத்துப்போனால் மனம் நிம்மதியடையும்.

இருப்பது போலத் தோன்றி இல்லாத அளவு

இதுவே இக்கட்டுரையில் முக்கியமான இடம். கொஞ்சம் நிதானமாக வாசியுங்கள்.

ஒருவர் காணியொன்றைக் காட்டி, "முன்னுக்கு 40 அடி, பின்னுக்கு 40 அடி, இரண்டு பக்கமும் 60 அடி. எத்தனை பேர்ச் வரும்?" என்று கேட்கிறார். நான்கு எண்கள் தந்துவிட்டார். தொடக்க அளவு நிறையவே இருப்பதாகத் தோன்றுகிறது. உடனே 40 × 60 = 2,400 சதுர அடி, 2,400 ÷ 272.25 = 8.8 பேர்ச் என்று விடை வந்துவிடும்.

ஆனால் அவர் காணியின் மூலைகளைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. நான்கு ஈர்க்குகளை எடுத்து முனைகளை நூலால் கட்டி ஒரு செவ்வகம் செய்யுங்கள். மெதுவாக ஒரு பக்கம் சாய்த்துப் பாருங்கள். பக்கங்களின் நீளம் சற்றும் மாறாது. உள்ளே இருக்கும் இடமோ சுருங்கிக்கொண்டே போகும். முழுக்கச் சாய்த்துவிட்டால் இடமே இல்லாமற் போகும். ஆகவே நான்கு பக்கங்கள் ஒரு நாற்பக்கலின் பரப்பளவைத் தீர்மானிப்பதில்லை. அவர் தந்த நான்கு எண்களுக்குள்ளும் தொடக்க அளவு இல்லை.

எவ்வளவு வேறுபாடு வரும்? அந்தக் காணியின் ஒரு மூலை 60 பாகையில் சாய்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது அது ஓர் இணைகரம். 60 அடிப் பக்கத்தை அடியாகக் கொண்டு எதிர்ப்பக்கத்துக்குச் செங்குத்தாக அளந்தால் 40 அடி வராது, 34.6 அடிதான் வரும். பரப்பளவு 60 × 34.6 = 2,076 சதுர அடி. பேர்ச்சில் 7.6.

8.8 எங்கே, 7.6 எங்கே? ஒரு பேர்ச்சுக்கும் மேலான வேறுபாடு. ஒரு பேர்ச் பல இலட்சம் ரூபாவுக்கு விலைபோகும் நம் பகுதியில், இல்லாத நிலத்துக்கு ஒரு குடும்பம் பணம் கொடுத்ததாக ஆகிவிடும். சகோதரர்கள் காணியைப் பங்கிடும்போது என்றால், ஒருவருக்குக் கூடியும் மற்றவருக்குக் குறைந்தும் போய், பின்னர் அது மனக்கசப்பாகவே வளரும்.

குறைந்து கிடைத்த எண் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஓர் அளவு நாடா போதும். மூலைக்கு மூலை இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள். எதிர்ப்பக்கங்கள் சமனாக இருக்கும் காணி செவ்வகமானால் இரு மூலைவிட்டங்களும் சமனாக இருக்கும். பைதகரசின் தேற்றப்படி நம் உதாரணத்தில் ஒவ்வொன்றும் √5200, அதாவது 72.1 அடி. சாய்ந்த காணியிலோ ஒன்று 87.2 அடியும் மற்றது 52.9 அடியுமாக இருக்கும். இந்த வேறுபாட்டைக் காணக் கணிதம் தெரிந்திருக்கக்கூடத் தேவையில்லை.

மூலைவிட்டம் ஏன் இவ்வளவு உதவுகிறது? அது நாற்பக்கலை இரண்டு முக்கோணிகளாகப் பிரிக்கிறது. மூன்று ஈர்க்குகளைக் கட்டிய முக்கோணியைச் சாய்க்க முடியாது. மூன்று பக்கங்கள் தெரிந்தால் அதன் வடிவமும் பரப்பளவும் தீர்ந்துவிடும். பழைய நில அளவையாளர்கள் சங்கிலியால் காணியை முக்கோணிகளாகப் பிரித்து அளந்ததன் காரணமும் இதுவே.

பக்கங்களைச் சராசரி எடுப்போர் கவனத்துக்கு

பக்கங்கள் சமனில்லாத காணியில் பலர் ஒரு குறுக்கு வழி கையாளுகிறார்கள். முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் கூட்டி இரண்டால் வகுப்பார்கள். இரு பக்கங்களையும் அவ்வாறே செய்வார்கள். பிறகு இரண்டையும் பெருக்குவார்கள். இது நேற்று வந்த வழக்கமல்ல. எகிப்தில் எட்ஃபு என்ற ஊரின் பழைய கோயிற் சுவர்களில் வயல்களின் அளவுகள் இந்த முறையிலேயே கணிக்கப்பட்டுப் பொறிக்கப்பட்டுள்ளன.

இந்த முறையில் ஒரு விசேஷம் உண்டு. இதன் விடை உண்மையான பரப்பளவைவிட ஒருபோதும் குறையாது. செவ்வகத்தில் மட்டும் சரியாக இருக்கும். மற்ற எல்லாக் காணிகளிலும் கூடவே காட்டும். காரணம் எளியது. பக்கங்கள் வரிசையாக அ, ஆ, இ, ஈ என்க. ஒரு மூலைவிட்டத்தால் பிரித்தால், ஒரு முக்கோணியில் அ, ஆ என்ற பக்கங்கள் இருக்கும். அ-வை அடியாகக் கொண்டால் உயரம் ஆ-வைவிடக் கூட முடியாது. எனவே அதன் பரப்பளவு அ × ஆ-வின் பாதியைத் தாண்டாது. மற்ற முக்கோணி இ × ஈ-யின் பாதியைத் தாண்டாது. அடுத்த மூலைவிட்டத்தால் பிரித்தாலும், ஆ × இ-யின் பாதியும் ஈ × அ-வின் பாதியும் அதே போல எல்லைகளாகும். காணியின் பரப்பளவு இவ்விரு எல்லைகளுக்கும் உட்பட்டதால், அவற்றின் சராசரிக்கும் உட்பட்டது. அந்தச் சராசரியைச் சுருக்கிப் பாருங்கள். நம் குறுக்கு வழியே வரும். உயர்தர மாணவிகள் இதைத் தாளில் செய்து பார்க்கலாம்.

விற்பவர் இந்த வழியில் கணக்குப் பார்த்தால் நட்டம் எப்போதும் வாங்குபவருக்கே. பிழை இரு பக்கமும் சமனாக விழுவதில்லை.

படத்தை அளக்கும் ஆபத்து

வரைபடத்தில் அளவுத்திட்டம் இருக்கும். அடிமட்டத்தால் அளந்து பெருக்கலாம் என்று சிலர் நினைப்பார்கள். அசல் வரைபடத்தில் அது ஓரளவு சரி. கையிலிருப்பது பிரதியாக இருந்தால் நிலைமை வேறு. பிரதியெடுக்கும்போது படம் 90 வீதமாகச் சிறுத்திருந்தால், ஒவ்வொரு நீளமும் பத்தில் ஒன்பதாகும். பரப்பளவோ 0.9 × 0.9 = 0.81 ஆகும். அசலில் 8.8 பேர்ச்சாக இருந்தது பிரதியில் 7.1 என்று வரும். தொலைபேசியில் அனுப்பிய படத்தில் அடிமட்டம் வைப்பதில் பொருளே இல்லை. அங்கே தொடக்க அளவு தொலைந்துவிட்டது. படத்தின் மேல் எழுதப்பட்ட எண்களை மட்டுமே நம்பலாம்.

விடை ஏற்கத்தக்கதா?

கணக்கு முடிந்ததும் ஒரு நிமிடம் செலவிட்டு விடையை மனத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு பேர்ச் என்பது ஏறத்தாழ ஐந்து மீற்றர் நீளமும் ஐந்து மீற்றர் அகலமுமுள்ள ஓர் அறை. பத்துப் பேர்ச் என்றால் அப்படிப்பட்ட பத்து அறைகளின் தரை. ஒரு வீட்டுக் காணிக்கு 2,400 பேர்ச் என்று விடை வந்தால், அது பதினைந்து ஏக்கர். யாரோ சதுர அடியைப் பேர்ச்சென்று எழுதிவிட்டார்கள். 0.03 பேர்ச் என்று வந்தால் அது ஒரு கதிரை வைக்கும் இடம். ஹெக்டேயரை மாற்றாமலே எழுதிவிட்டார்கள்.

பெற்றோருக்கு ஒரு சொல். "எத்தனை பேர்ச்?" என்று மட்டும் கேட்காதீர்கள். "எந்த வரைபடத்தின்படி? யார் அளந்தது? எப்போது அளந்தது?" என்று சேர்த்துக் கேளுங்கள். அனுமதி பெற்ற நில அளவையாளரின் கையொப்பமும் வரைபட இலக்கமும் திகதியும் உள்ள விஸ்தீரணமே உண்மையான தொடக்க அளவு. உறுதியில் உள்ள எண்ணும் வரைபடத்தில் உள்ள எண்ணும் ஒத்துப்போகின்றனவா என்று உங்கள் மகளையே மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். வேறுபட்டால், வீதி அகலிப்புக்குப் போன பகுதியோ முன்னர் பிரித்து விற்ற துண்டோ இருக்கக்கூடும். அதை நொத்தாரிசிடமும் நில அளவையாளரிடமும் பணம் கொடுக்குமுன்னரே கேட்டுத் தெளியலாம்.

செய்து பாருங்கள்

கீழுள்ளவற்றைப் பேர்ச்சில் தருக. தர முடியாதவை இருந்தால், ஏன் முடியாது என்பதையும், விடை எந்த எண்ணைத் தாண்டாது என்பதையும் எழுதுக.

1. 0.0506 ஹெக்டேயர் காணி.
2. விஸ்தீரணம் 1 – 2 – 10 என்று எழுதப்பட்ட காணி.
3. நான்கு பக்கமும் 30 அடியுள்ள காணி.
4. வீதியோரம் 33 அடி அகலமுள்ள காணி.

விடைகள்: முதலாவது 20 பேர்ச். இரண்டாவது 160 + 80 + 10 = 250 பேர்ச். மூன்றாவதைத் தர முடியாது. மூலைகள் தெரியாததால் அது சாய்சதுரமாகவும் இருக்கலாம். ஆனால் 900 ÷ 272.25, அதாவது 3.3 பேர்ச்சைத் தாண்டாது. நான்காவதையும் தர முடியாது. ஒரு நீளம் மட்டுமே உள்ளது. எத்தனை அடி உள்ளே போகிறது என்று தெரியாதவரை அதற்கு மேல்எல்லைகூடச் சொல்ல முடியாது. செவ்வகமானால், உள்ளே போகும் ஒவ்வொரு 8.25 அடிக்கும் ஒரு பேர்ச் என்று மட்டும் எழுதலாம்.